ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் கடன் நின்றுவிடாது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கஞ்சிக்கோட்டுக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனி மாறும்போது சம்பளக் கணக்கும் மாறுகிறது. பைக் கடனின் தவணையோ பழைய கணக்கிலிருந்தே எடுக்கப்படும். அப்போது சிலர் வங்கிக்குச் சென்று, ஆட்டோ டெபிட்டுக்காகத் தந்த நாச் மேண்டேட்டை ரத்து செய்துவிட்டு, கடனும் அத்துடன் நின்றதாக எண்ணிவிடுகிறார்கள்.

மேண்டேட் என்பது கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள நாம் தந்த அனுமதி மட்டுமே; கடன் என்பது நாம் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம். அனுமதியைத் திரும்பப் பெற நமக்கு உரிமை உண்டு, ஆனால் தவணைத் தேதியும் வட்டியும் அப்படியே தொடரும். வேறு வழியில் தவணையைக் கட்டாவிட்டால் அந்த மாதம் பாக்கியாகவே பதிவாகும்.

ரத்தும் செய்யாமல் பழைய கணக்கைக் காலியாக விடுவது இன்னும் செலவு வைக்கும். 4,000 ரூபாய் தவணை, 5ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். பணமில்லாமல் திரும்பியதற்கு வங்கி 250 ரூபாயும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் சேர்த்து 295 எடுக்கிறது; ஃபைனான்ஸ் நிறுவனம் தன் பங்குக்கு பவுன்ஸ் கட்டணமாக 450 கேட்கிறது. சில நாள் கழித்து நிறுவனம் அதே மாதத்தில் மறுபடி அனுப்பி, அதுவும் திரும்பினால் இரண்டும் இரட்டிப்பாகி 1,490 ஆகிறது. 4,000 கட்ட வேண்டியவர் 5,490 கட்டுகிறார். கட்டண அளவு வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் கடன் பத்திரத்தின் கட்டண அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கணக்கில் அடுத்து எந்தப் பணம் விழுந்தாலும் வங்கி தன் பாக்கியை முதலில் பிடித்துக்கொள்ளும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

தாமதத்துக்கான அபராதம் இவற்றுக்கு மேல் தனி. ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 ஏப்ரல் முதல் வழங்கப்படும் கடன்களில் அந்த அபராதத்தை வட்டியாகச் சேர்க்கவோ அதற்கு மேல் வட்டி போடவோ கூடாது. கணக்கு விவரத்தில் அப்படி இருந்தால் எழுத்தில் கேளுங்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடனாகும். பணமின்றித் திரும்பிய மின்னணுப் பற்றுக்கு 2007ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சட்டம், பிரிவு 25இன் கீழ் வழக்கும் தொடரலாம்; அதற்கு முன் நோட்டீஸ் வர வேண்டும், வந்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. ஆகவே நோட்டீஸைப் பிரிக்காமல் வைப்பது பெரும் தவறு.

கணக்கு மாறுகிறதென்றால் புதிய கணக்கில் மேண்டேட் பதிவாகி முதல் தவணை பிடிக்கப்பட்ட பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். இடையில் வரும் தவணைக்குப் பழைய கணக்கில் பணம் இருக்கட்டும். கடனையே முடிக்க விரும்பினால், முன்கூட்டி அடைக்கும் தொகைக்கான கணக்கு விவரத்தை எழுத்தில் பெற்று, கட்டி, ரசீதும் என்ஓசியும் வாங்கிய பின் மேண்டேட்டை ரத்து செய்யலாம். பைக் பொள்ளாச்சியில் பதிவானதென்றால், ஆர்சியில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க, நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35ஐ அந்தப் பதிவு அலுவலகத்துக்கே சமர்ப்பிக்க வேண்டும்.