டிரிப் சொட்டு வேகத்தைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி

மொத்த மில்லியை மணிக்கணக்கால் வகுத்துவிட்டு, வரும் எண்ணை மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 3 ஆலும் 15 சொட்டு செட் என்றால் 4 ஆலும் வகுங்கள், அதுதான் நிமிடத்துக்கான சொட்டு. 60 நிமிடத்தை 20 ஆல் வகுத்தால் 3, 15 ஆல் வகுத்தால் 4, அவ்வளவுதான் கணக்கு. 60 சொட்டு மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மில்லியோ அதே எண்தான் சொட்டும்.

500 மில்லி, 4 மணி நேரம், 20 சொட்டு செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 125 மில்லி, 3 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 42 சொட்டு. சரி, இதை எண்ணிப் பார்க்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், 15 நொடி எண்ணி 4 ஆல் பெருக்கினால் ஒரு சொட்டுப் பிசகு நான்காகிவிடும். நோயாளி கையை மடக்கினாலும் வேகம் மாறும், அப்புறம் மறுபடி எண்ணத்தான் வேண்டும்.

செட்டின் உறையில் மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் வகுக்காதீர்கள். இன்ஃப்யூஷன் பம்ப்பில் மணிக்கு எத்தனை மில்லி என்றுதான் கொடுக்க வேண்டும், அங்கே இந்தக் கணக்கு வேண்டாம்.