இம்போர்ட் பண்ண பொருள் பீஸ் ஒண்ணுக்கு உண்மையா எவ்வளவு அடக்கம் ஆகுது?

போன தடவை சீனாவுல இருந்து சென்னை போர்ட்டுக்கு எல்சிஎல்-ல ரெண்டு ஐட்டம் எடுத்தேன், சிலிகான் கேக் மோல்டும் பிளாஸ்டிக் டப்பாவும். டப்பாவை 145க்கு வித்துட்டு லாபம்னு நினைச்சேன், அப்புறம் கணக்கு போட்டா ஒவ்வொண்ணுக்கும் 7 ரூபாய் நஷ்டம்.

கணக்கு எளிமையா இருக்க டாலர் 90 ரூபாய், டியூட்டி 10%னு வச்சுக்கலாம் (உங்க எச்எஸ் கோடுக்கு என்ன ரேட்னு பாத்துக்கோங்க). மோல்டு 1000 பீஸ், ஒண்ணு 2 டாலர்; டப்பா 1000 பீஸ், ஒண்ணு 1 டாலர்; ஆக எஃப்ஓபி 2,70,000. ஃப்ரெய்ட் 27,000, இன்சூரன்ஸ் 3,000. மொத்தம் 3 லட்சம், இதுமேலதான் டியூட்டி, 30,000. அந்த டியூட்டிமேல 10% சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், 3,000. சிஎஃப்எஸ், டிஓ, ஏஜென்ட் ஃபீஸ், லாரி எல்லாம் சேத்து 40,000. கூட்டினா 3,73,000.

நான் மாட்டுன இடம் இதுதான். மொத்தத்தையும் பொருளோட விலை விகிதத்துல பிரிச்சேன், டப்பா 124 ரூபாய்னு வந்துச்சு. ஆனா எல்சிஎல்-ல ஃப்ரெய்ட்டும் சிஎஃப்எஸ் சார்ஜும் பெரும்பாலும் இடத்துக்குத்தான் போடுவாங்க, மோல்டு 1 சிபிஎம்தான், டப்பா 3 சிபிஎம் அடைச்சிருந்துச்சு. அதனால ஃப்ரெய்ட்டையும் கிளியரிங்கையும் சிபிஎம் கணக்குல பிரிங்க, இன்சூரன்ஸை விலை கணக்குல பிரிங்க, டியூட்டியை பில் ஆஃப் என்ட்ரில ஐட்டம் வாரியா இருக்கிறத அப்படியே எடுங்க. டப்பாவுக்கு 90,000 + 20,250 + 1,000 + 11,000 + 30,000 = 1,52,250, அதாவது பீஸ் 152.25. மோல்டு 220.75.

ஷீட்ல சிபிஎம் C5, C6-லயும் சிபிஎம் கணக்குல பிரிக்க வேண்டிய ஃப்ரெய்ட் இல்ல கிளியரிங் தொகை B1-லயும் இருந்தா:

```
=$B$1*C5/SUM($C$5:$C$6)
```

நோட்டுல எழுதாதீங்க, கூகுள் ஷீட்தான் நல்லது, டாலர் ரேட்டை மாத்துனா எல்லாம் தானா மாறும். ரேட்டு ரெண்டு இருக்கு, அதையும் கலக்காதீங்க: டியூட்டிக்கு கஸ்டம்ஸ் அறிவிக்கிற ரேட், சப்ளையருக்கு கட்டுனதுக்கு பேங்க் உங்க அக்கவுண்ட்ல எடுத்த தொகை, பேங்க் சார்ஜோட.

வந்ததுல 20 டப்பா உடைஞ்சிருந்தா 980ஆல வகுங்க, 155.36 வரும்.

அப்டேட்: ஐஜிஎஸ்டி 59,940 எங்கேன்னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டார். ரெகுலர் ஜிஎஸ்டில இருந்தா கிரெடிட் கிடைக்கும், அதனால அடக்கத்துல சேக்கல. கிளியரிங் பில்லுல வர்ற ஜிஎஸ்டியும் அதே மாதிரிதான், மேல சொன்ன 40,000 அது இல்லாத தொகை. ஆனா அவர் காம்போசிஷன்ல இருக்கார், அவருக்கு கிரெடிட் கிடையாது, அதனால ஐஜிஎஸ்டியே டப்பாவுக்கு கிட்டத்தட்ட 20 ரூபாயும் மோல்டுக்கு 40 ரூபாயும் ஏறும், அதுக்கு மேல கிளியரிங் ஜிஎஸ்டியையும் அவர் சேத்துக்கணும்.