தொடக்க நிறுவனத்துக்கு மூலதனம் தேடும்போது: வட்டியையும் பங்கையும் ஒரே தராசில் வைக்கும் தவறு

தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் கொண்டுவரும் திட்ட அறிக்கைகளில், நிதி பற்றிய பக்கத்தில் பெரும்பாலும் ஒரு அட்டவணையைக் காண்கிறேன். வங்கிக் கடனுக்கு நேராக 12 சதவீத வட்டி என்றும், சொந்தப் பணத்தைத் தொடக்க நிறுவனத்தில் போட்டுப் பங்கு பெறும் ஏஞ்சல் முதலீட்டாளருக்கு நேராக 20 சதவீதப் பங்கு என்றும் எழுதி, 12 என்பது 20-ஐ விடக் குறைவு என்பதால் கடனே மலிவு என்று முடித்திருப்பார்கள். வட்டி என்பது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணம். பங்கு என்பது நிறுவனம் வளர்ந்தால் மட்டுமே விலைபெறும் உரிமை. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பணம் எந்த மாதத்தில் வெளியே போகிறது, எந்த மாதத்தில் உள்ளே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இதைக் கணக்காகப் பார்க்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் இரு பொறியாளர்கள், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே இயக்கவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 40 லட்சம் ரூபாய் தேவை. மோல்டு, சோதனைக் கருவிகளுக்கு 12 லட்சம், முதல் 300 பெட்டிகளின் உதிரிப்பாகங்களுக்கு 9 லட்சம், ஓராண்டுச் சம்பளத்துக்கும் வயல் சோதனைக்கும் 19 லட்சம். பெட்டியின் விலை 4,500 ரூபாய். உதிரிப்பாகச் செலவு 3,000 போக, ஒரு பெட்டிக்கு 1,500 ரூபாய் மிஞ்சும்.

முழுத் தொகையையும் 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 89,000 ரூபாய். தவணைக்கு மட்டுமே மாதம் 60 பெட்டிகள் விற்றாக வேண்டும். சம்பளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் தனி. வங்கி முதல் ஆறு மாதங்களுக்குத் தவணை விலக்கு அளித்தாலும், அந்த மாதங்களிலும் வட்டி மாதம் 40,000 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பெட்டியோ எட்டாவது மாதம் வரை வயலில் சோதனையில் இருக்கிறது. ஏழாவது மாதம் முதல் தவணை வந்து நிற்கும்போது, கடன் வாங்கிய பணத்திலிருந்தே கடனைக் கட்டும் நிலை உருவாகிவிடும். விற்பனை தொடங்காத நிறுவனங்கள் கடனில் சிக்குவதற்கு வட்டி விகிதத்தை விட இந்தக் கால இடைவெளியே காரணமாகிறது.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஈடில்லாக் கடனை ஆபத்தில்லாக் கடன் என்று புரிந்துகொள்வது. சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத நிதியத்தின் கீழ் வங்கிகள் வீட்டுப் பத்திரம் கேட்காமலே சிறு நிறுவனங்களுக்குக் கடன் தருகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த உத்தரவாதம் காப்பது வங்கியை. கடன் வாங்கியவரை அல்ல. தவணை தவறிக் கணக்கு வாராக்கடனாகும்போது, நிதியம் வங்கிக்கு இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே நீடிக்கும், வங்கி வசூல் நடவடிக்கையைத் தொடரும். நிறுவனர்களின் சொந்த ஜாமீனையும் வங்கி எழுதி வாங்குவது வழக்கம் என்பதால், நிறுவனத்தை மூடினாலும் கடன் அவர்களைப் பின்தொடரும். ஏஞ்சல் முதலீட்டாளரின் பணத்தில் நேர்மையாக நடந்த தொழில் தோற்றால், பங்கின் மதிப்பு போவதோடு அது முடிந்துவிடும். 20 சதவீதப் பங்குக்கு ஈடாக நிறுவனர் பெறுவதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருப்பதை அட்டவணை காட்டுவதில்லை.

ஏஞ்சல் முதலீட்டாளரிடம் பேசும்போது அடிக்கடி நேரும் பிழை மிகச் சிறியது, ஆனால் விலை கூடியது. நம் பொறியாளர்கள் 30 லட்சம் கேட்கிறார்கள், நிறுவனத்தின் மதிப்பு ஒரு கோடியே 20 லட்சம் என்று இரு தரப்பும் கைகுலுக்குகிறார்கள். அந்த மதிப்பு முதலீட்டுக்கு முந்தையது என்றால், பணம் சேர்ந்தபின் நிறுவனத்தின் மதிப்பு 1.5 கோடி; முதலீட்டாளருக்கு 20 சதவீதம். முதலீட்டுக்குப் பிந்தையது என்றால் அவருக்கு 25 சதவீதம். முந்தையதா பிந்தையதா என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டுப் பெறாதவர்கள், வழக்கறிஞர் ஒப்பந்தத்தை அனுப்பும் நாளில்தான் ஐந்து சதவீதம் போய்விட்டதை அறிகிறார்கள்.

கூட்டு நிதி திரட்டலில் சட்டத்தையே மறந்துவிடுகிறார்கள். ஆயிரம் பேரிடம் ஐயாயிரம் ரூபாய் வீதம் வாங்கி ஆளுக்குச் சிறிது பங்கு கொடுக்கலாம் என்று வெளிநாட்டு உதாரணங்களைப் பார்த்து எழுதுகிறார்கள். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, தனியார் நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்குகளை முன்வைக்க முடியாது. பொதுவிளம்பரமும் செய்யக் கூடாது. இணையவழியில் பங்கு திரட்டும் அங்கீகாரமற்ற தளங்களைப் பற்றி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2016-இலேயே எச்சரித்தது. எனவே இங்கே எஞ்சுவது, பொருளுக்கு முன்பணம் வாங்கும் முறைதான். அதிலும் ஒரு கெடு உண்டு: பொருளுக்காகப் பெற்ற முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து நேர்செய்யாவிட்டால், அது வைப்புத்தொகையாகக் கருதப்பட்டு வேறு விதிகளுக்குள் போய்விடும். வடிவமைப்பு முடியுமுன் முன்பணம் வாங்குவோருக்கு இதை விடக் கொடிய சிக்கல், செலவு தெரியாமலே விலையை அறிவித்துவிடுவது. உதிரிப்பாகச் செலவு 3,000-இலிருந்து 4,000 ஆனால், ஒவ்வொரு பெட்டியிலும் எதிர்பார்த்த மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஆகவே வயல் சோதனை முடிந்தபின் முன்பணம் கேட்பதே முறை.

வென்ச்சர் நிதியைப் பொறுத்தவரை, அது ஏஞ்சல் முதலீட்டின் பெரிய வடிவம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். அந்த நிதியை நடத்துபவர்கள் பிறரிடம் வாங்கிய பணத்தை, பெரும்பாலும் பத்தாண்டுக்குள், பல மடங்காகத் திருப்ப வேண்டியவர்கள். 200 கோடி ரூபாய் நிதி ஒன்று நம் நிறுவனத்தில் 15 சதவீதம் வைத்திருக்கிறது என்றும், நிறுவனம் 40 கோடிக்கு விற்கப்படுகிறது என்றும் கொள்வோம். நிதிக்குக் கிடைப்பது 6 கோடி, அதாவது அதன் அளவில் 3 சதவீதம். நிறுவனர்களின் வாழ்க்கையையே மாற்றும் அந்த விற்பனை நிதிக்குப் பொருட்டாகாது. அதனால் அது சம்மதிக்க மறுக்கும் நிலையும் வரலாம். ஒரு மாவட்டத்து விவசாயிகளுக்கு நல்ல பெட்டியைச் செய்து நிதானமாக வளர நினைப்பவர்கள் இந்தப் பணத்தைத் தேடி ஓராண்டை இழக்க வேண்டியதில்லை.

நம் பொறியாளர்களுக்கு நான் சொல்லக்கூடிய கலவை இதுதான். ஏஞ்சல் முதலீடாக 30 லட்சம். மோல்டுக்கும் கருவிகளுக்கும் வங்கி தரும் 75 சதவீதம், அதாவது 9 லட்சம். சோதனை முடிந்தபின் 100 பெட்டிகளின் முன்பணம் 4.5 லட்சம். மொத்தம் 43.5 லட்சம், தேவைக்கு மேல் 3.5 லட்சம் கையிருப்பு. 9 லட்சத்துக்குத் தவணை மாதம் 20,000 ரூபாய் அளவில்தான் வரும். 14 பெட்டிகள் விற்றால் அது அடங்கிவிடும்.

இதில் வரிசையை மாற்றக் கூடாது. ஏஞ்சல் முதலீட்டாளரின் பணம் முதலில் நிறுவனக் கணக்கில் சேர்ந்து பங்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், கருவிகளின் விலையில் கடன் போக மீதியாக நாமே போட வேண்டும் என்று வங்கி மேலாளர் கேட்கும் 3 லட்சம் ரூபாய் மார்ஜின் தொகைக்கு நிறுவனத்தின் சொந்த முதலாக அதையே காட்டலாம். கடனை முதலில் கேட்டுச் சென்றவர்களோ, அந்த மார்ஜினுக்காக மனைவியின் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.