எக்ஸ்டெண்டட் வாரண்டி வருமானம்: தேதியில்தான் பாதித் தவறு

எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு வாங்கிய பணத்தை பில் போட்ட அன்றே முழுசாக விற்பனையில் காட்டக் கூடாது என்பது இப்போது பெரும்பாலான கணக்குப் பிரிவுகளுக்குத் தெரியும். தனி விலை போட்டு, வேண்டியவர் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று விற்றால் அது தனிச் சேவை என்கிறது வருமானத்துக்கான கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 115. அதனால் பணம் முதலில் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாக உட்கார்ந்து, பிறகு பாதுகாப்புக் காலம் ஓட ஓடத்தான் வருமானமாகும். இதுவரை சரி, ஆனால் அந்தக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்டால்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024 அக்டோபர் 1 அன்று ஒரு ஃபிரிட்ஜ் விற்கிறது. தயாரிப்பாளரின் வாரண்டி ஒரு வருடம். கடை அதற்கு மேல் 2 வருடத்துக்கு நீட்டிப்பு விற்கிறது. விலை 3,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி 540 ரூபாய், ஆக 3,540. கம்ப்யூட்டரில் பில் தேதியைத் தொடக்கமாகவும் மூன்று வருடத்தைக் காலமாகவும் போட்டுவிடுவார்கள், அது மாதம் 83 ரூபாய் சொச்சம் என்று வருமானத்தைப் பிரித்துக்கொண்டே போகும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் தவறு, ஏனென்றால் முதல் வருடம் முழுக்க ரிப்பேர் பொறுப்பு தயாரிப்பாளருடையது, அந்த 12 மாதத்தில் கடை வாடிக்கையாளருக்கு எதுவுமே கொடுக்கவில்லை.

கடையின் ரிப்பேர் பொறுப்பு 2025 அக்டோபர் 1-இல்தான் தொடங்கி 2027 செப்டம்பர் 30-இல் முடிகிறது. 24 மாதம், மாதம் 125 ரூபாய். ஆகவே 2024-25 நிதியாண்டில் வருமானம் பூஜ்யம். 2025-26-இல் 750, 2026-27-இல் 1,500, 2027-28-இல் மீதி 750. 2025 மார்ச் 31 அன்று 3,000 முழுவதும் பொறுப்பில் நிற்க வேண்டும். அதில் அடுத்த 12 மாதத்தில் வருமானமாகப் போகும் 750-ஐ நடப்புப் பொறுப்பாகவும், 2,250-ஐ நீண்டகாலப் பொறுப்பாகவும் பிரித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. இந்தப் பிரிப்பும் தொடக்கத் தேதியைப் பொறுத்தது என்பதால் அது தவறினால் இதுவும் சேர்ந்து தவறும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கீழே விழுந்து உடைவது, தண்ணீர் புகுவது மாதிரி தயாரிப்பாளர் ஏற்காத சேதங்களையும் திட்டம் முதல் நாளிலிருந்தே ஏற்றால், பாதுகாப்பும் அன்றே தொடங்குகிறது. செல்போன் திட்டங்களில் இது சகஜம். ஆகவே திட்டத்தின் விதிமுறைத் தாளைப் படிக்காமல் தேதி போடாதீர்கள். விற்பனைப் பிரிவு வாயால் சொல்வதை நம்பி எழுதியதெல்லாம் ஆடிட்டில் மாட்டும்.

அந்த 540 ரூபாய் எப்போதுமே உங்கள் வருமானமில்லை, 3,540-ஐப் பொறுப்பில் வைத்துப் பிரிப்பதும் தவறு. வருமானம் தள்ளிப்போகிறது என்பதற்காக ஜிஎஸ்டியையும் தள்ளிப்போட முடியாது, பணம் வாங்கி பில் போட்ட மாதத்தின் கணக்கிலேயே சேர்த்துக் கட்டியாக வேண்டும். இதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டும் விற்பனையும் புத்தகத்து வருமானமும் ஒத்துப்போகாது. அது இயல்பு, வித்தியாசத்துக்கு ஒரு ஒப்பீட்டுத் தாள் வைத்துக்கொண்டால் போதும்.

செலவுப் பக்கம் இரண்டு இடத்தில் வழுக்கும். சாதாரண வாரண்டிக்குச் செய்வது போல, விற்ற அன்றே எதிர்கால ரிப்பேருக்கு மதிப்பிட்டு ஒதுக்கீடு போட்டுவிடுகிறார்கள். இங்கே வருமானமே பின்னால்தான் வருகிறது, ரிப்பேர் செலவையும் அது நடக்கும்போது எழுதினால் போதும். வரப்போகும் செலவு பொறுப்பில் மீதமுள்ள தொகையைத் தாண்டும் நஷ்ட ஒப்பந்தம் என்று தெரிந்தால் மட்டுமே முன்கூட்டி ஒதுக்க வேண்டும். இன்னொன்று, திட்டம் விற்றதற்காகவே விற்பனையாளருக்குக் கொடுத்த கமிஷன். அதை உடனே செலவெழுதும் சலுகை ஒரு வருடத்துக்குள் முடியும் திட்டங்களுக்குத்தான். மேலே சொன்ன திட்டத்தில் 300 ரூபாய் கொடுத்திருந்தால் அது சொத்தாக நின்று, வருமானம் போலவே 2025 அக்டோபரிலிருந்து மாதம் 12.50 ரூபாயாகக் கரையும்.

இவ்வளவும் ரிப்பேர் பொறுப்பு உங்களுடையது என்றால்தான். இன்னொரு கம்பெனியின் திட்டத்தை விற்றுக் கொடுத்து, ஃபிரிட்ஜ் பழுதானால் வாடிக்கையாளர் அவர்களைத்தான் பிடிக்க வேண்டும் என்றால், நீங்கள் ஏஜென்ட். அப்போது 3,000 உங்கள் வருமானமே இல்லை, உங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் மட்டும்தான் வருமானம். விற்ற பிறகு உங்களுக்கு வேலை எதுவும் மிச்சமில்லை என்றால் அதை அன்றே எடுத்துக்கொள்ளலாம். முழுத் தொகையையும் காட்டி விற்பனையை ஊதிக்காட்டுவதுதான் இங்கே ஆசை காட்டும் தவறு.

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, மார்ச் 31 அன்று உயிரோடிருக்கும் திட்டங்களையும் பாதுகாப்பு இன்னும் தொடங்காத திட்டங்களையும் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மீதமுள்ள பாதுகாப்பு மாதங்களை மாத வருமானத்தால் பெருக்கிக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை லெட்ஜரில் இருக்கும் பொறுப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் தேடவேண்டியது, பணம் திருப்பிக் கொடுத்து ரத்தான திட்டங்களையும், பொருளை மாற்றிக் கொடுத்ததோடு விதிப்படி முடிந்துபோன திட்டங்களையும்தான், ஏனென்றால் சர்வீஸ் சென்டர் அந்தத் தகவலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப மறந்துவிடும்.