படத்தில் அகப்படாத சத்தம்

பாடல் செயலியில் பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் பட்டையை நகர்த்தும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்கிரீன்ஷாட்டில் அது எப்படித் தெரியும்? மைக் வழியாகத் திரையைப் பதிவுசெய்து அனுப்பினேன். வேளச்சேரி வீட்டின் மின்விசிறி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று உதவிக்குழுவினர் பதில் எழுதினார்கள். இயர்போன் செருகிப் பதிவுசெய்தபோது பாட்டே பதிவாகவில்லை, ஏனெனில் மைக் வெளியில் கேட்கும் ஒலியை மட்டுமே எடுக்கும்.

மூன்றாம் நாள், ஆண்ட்ராய்டு 11-இன் `Screen record` பொத்தானை அழுத்தியதும் வரும் பெட்டியில் ஒலிக்கு, போனுக்குள்ளிருந்தே ஒலியை நேராக எடுக்கும் `Device audio` என்பதைத் தேர்ந்தெடுத்து, விரல் படும் இடத்தைக் காட்டும் `Show touches on screen` என்பதையும் இயக்கி, இருபது விநாடிகள் மட்டும் பதிவுசெய்தேன். விரலின் வெண்புள்ளி பட்டையை விட்டு விலகும் கணத்தில் 'டக்' துல்லியமாகக் கேட்டது. ஒலிபெருக்கியின் கோளாறாக இருந்தால் இந்தப் பதிவில் அது வந்திருக்காது என்பதால், பிழை செயலியில்தான் என்று அவர்கள் அன்றே ஒப்புக்கொண்டார்கள். அடுத்த புதுப்பிப்பில் சத்தம் நின்றது. அப்பாடா!