மருந்துக் கடைக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக் கடையின் பெயரைப் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில், தாளில் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். தாளில் எல்லாப் பெயரும் அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளரோ அதை நாற்பது மீட்டர் தள்ளி, ஓடும் வண்டியிலிருந்து, பக்கவாட்டில் பார்க்கிறார். கையில் மருந்துச் சீட்டு, மனத்தில் பதற்றம். அந்த நிலையில் பெயரில் எவ்வளவு மிச்சமாகக் கண்ணில் படுகிறதோ அதுதான் கடையின் உண்மையான பெயர்.

அதிகம் நடக்கும் தவறு, பெயரை நீட்டுவது. 'நியூ லைஃப் ஹெல்த்கேர் மெடிக்கல்ஸ் அண்ட் ஜெனரல் ஸ்டோர்ஸ்' என்று ஒரு பெயரைக் கற்பனை செய்துகொள்வோம். எண்ணிப் பார்த்தால் 27 எழுத்து, இடையில் ஆறு இடைவெளி, ஆக 33 கட்டம். கடையின் முகப்புப் பலகை 6 மீட்டர் அகலம், இரு ஓரத்திலும் 30 செ.மீ. விட்டால் மிஞ்சுவது 5.4 மீட்டர். அதை 33 கட்டமாகப் பிரித்தால் ஓர் எழுத்துக்கு 16 செ.மீ. அகலம்தான் கிடைக்கும். கொம்பும் காலும் சேர்வதால் தமிழ் எழுத்து உயரத்தைவிட அகலத்தை அதிகம் கேட்கும். எனவே எழுத்தின் உயரம் 13 செ.மீ. அளவில் நின்றுவிடும்.

பெயர்ப்பலகை செய்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க, ஒவ்வொரு 3 மீட்டர் தூரத்துக்கும் எழுத்து உயரத்தில் 25 மில்லிமீட்டர் வேண்டும். அதன்படி 13 செ.மீ. எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கக்கூடிய தூரம் 15 மீட்டர் சொச்சம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். பிரேக் போட முடிவெடுத்து வண்டி நிற்பதற்கே 25 முதல் 30 மீட்டர் ஆகிவிடும். அதாவது பெயரைப் படித்து முடிக்கும்போது கடை பின்னால் போயிருக்கும். அடுத்த திருப்பத்தில் சுற்றி வரலாம். ஆனால் வழியில் இன்னொரு மருந்துக் கடை கண்ணில் பட்டால் அவர் ஏன் சுற்றப் போகிறார்?

அதே பலகையில் 'மலர் மருந்தகம்' என்று மட்டும் எழுதினால் ஒன்பது எழுத்து, ஓர் இடைவெளி, மொத்தம் பத்துக் கட்டம். இப்போது அகலம் தடையில்லை, பலகையின் உயரம்தான் எல்லை. 90 செ.மீ. உயரப் பலகையில் மேலே புள்ளிக்கும் கீழே சுழிக்கும் இடம் விட்டு 40 செ.மீ. எழுத்து வைக்கலாம். அதே கணக்கில் 48 மீட்டரிலிருந்து படிக்கலாம், நான்கு நொடிக்கு மேல் நேரம் கிடைக்கும். பலகை அதே, செலவும் ஏறக்குறைய அதேதான். மாறியது பெயர் மட்டும்.

'எல்லாம் சரி, பெயரில் ஜெனரல் ஸ்டோர்ஸ் இல்லாவிட்டால் சோப்பும் பவுடரும் இருப்பது எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். உள்ளே வந்தால் தெரியும். வேண்டுமானால் கீழ்வரியில் சிறிதாக எழுதிக்கொள்ளலாம். அதைப் பெயரோடு ஒட்டினால் மருந்துக் கடை பலசரக்குக் கடையாகத் தெரிகிறது, நம்பிக்கைக்கும் அது நல்லதல்ல.

நீளத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்காமல் விடுவது எழுத்துகளின் உருவம். ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழில் எழுதினால் புள்ளி வைத்த எழுத்துகள் குவியும். மேலே சொன்ன நீண்ட பெயரில் 13 மெய்யெழுத்து இருக்கிறது. எழுத்திலேயே மிகச் சிறிய பகுதி அந்தப் புள்ளிதான். தூரத்தில் முதலில் மறைவதும் அதுவே. 'ஸ்டோர்ஸ்' என்பதில் மூன்று புள்ளியும் போய்விட்டால் மிஞ்சுவது 'ஸடோரஸ'. பலமுறை பார்த்துப் பழகிய சொல்லாக இருந்தால் மூளை சரிசெய்துகொள்ளும். பழக்கமில்லாத கடைப்பெயரை அப்படி ஊகிக்க வழியில்லை.

ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளும் இப்படித்தான் ஏமாற்றும். ண, ன இரண்டும் சுழியில் மட்டும் வேறுபடுகின்றன, தடித்த எழுத்துருவில் சுழிகள் அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றே. காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்து தூரத்தில் ஒரு கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். ஆகவே ம, ல, வ, ய, ப, ட, க போன்ற திறந்த உருவங்கள் அதிகமாகவும் புள்ளிகள் குறைவாகவும் உள்ள சொல்லாகப் பார்ப்பது நல்லது. 'மலர் மருந்தகம்' என்பதில் புள்ளி மூன்றுதான்.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் பலகையை நேருக்கு நேர் பார்ப்பவருக்கு. சாலையில் போகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. அவருடைய தடத்திலிருந்து கடை முகப்பு 8 மீட்டர் விலகி இருக்கிறது, அவர் 40 மீட்டர் பின்னால் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வில் சுவரோடு ஒட்டிய பலகையின் அகலம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 6 மீட்டர் பலகை 1.2 மீட்டர் பலகையாகத் தெரியும். உயரம் குறையாது, அகலம் மட்டும் நசுங்கும். நெருக்கி எழுதிய நீண்ட பெயர் அப்போது வெறும் கோடுகளின் வரிசை. சிறிய பெயர், எழுத்துகளுக்கிடையே தாராள இடம் என்றால் ஓரளவு பிழைக்கும்.

முழுமையாகப் பிழைக்க வேண்டுமானால் சுவருக்குக் குறுக்கே, சாலையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இருபக்கப் பலகை ஒன்று வேண்டும். உள்ளாட்சி அனுமதி எவ்வளவு நீட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும். 70, 80 செ.மீ. அகலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அகலத்தில் பெயரின் முதல் சொல் அடங்குமா என்று பெயர் வைக்கும்போதே பார்க்க வேண்டும். 'மலர்' மூன்றே எழுத்து, 70 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 19 செ.மீ. உயரத்தில் நிற்கும், 20 மீட்டருக்குமேல் தெரியும். அதற்கு மேலே ஒரு பச்சைச் சிலுவைக் குறி இருந்தால், எழுத்து புரிவதற்கு முன்பே 'மருந்துக் கடை' என்பது புரிந்துவிடும். நீண்ட பெயர்க்காரர்கள் இந்த இடத்தில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப் பார்ப்பார்கள். தமிழில் அது வேலைக்காகாது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதாகிவிடும்.

பச்சைச் சிலுவை என்று சொன்னது வேண்டுமென்றேதான். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை மருத்துவத்துக்கான பொது அடையாளம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது 1949ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம், போர்க்களத்தில் மருத்துவப் பணியாளர்களைக் காப்பதற்கானது. தனியார் கடைகள் பயன்படுத்த அனுமதியில்லை. பெயரில் 'ரெட் கிராஸ்' என்று சேர்ப்பதும் அதே குற்றம்தான். பலகை ஏற்றிய பிறகு நோட்டீஸ் வந்து இறக்குவதைவிட, முதலிலேயே பச்சைக்குப் போய்விடலாம்.

நம்பிக்கையைக் கெடுக்கும் மற்ற தவறுகள் பெரும்பாலும் பெயரிலேயே வாக்குறுதி கொடுப்பதால் வருபவை. '24 மணி நேர மருந்தகம்' என்று பெயர் வைத்துவிட்டு, இரவுப் பணிக்கு மருந்தாளுநர் கிடைக்காமல் ஒரு நாள் ஷட்டரை இறக்கினால், அன்று நள்ளிரவில் வந்து திரும்பியவர் பகலிலும் வரமாட்டார். நேரத்தைத் தனிச் சிறு பலகையில் போடுங்கள். மாற்ற வேண்டி வந்தால் அதை மட்டும் மாற்றலாம். 'மலிவு', 'தள்ளுபடி' என்பவை துணிக்கடைக்கு ஆள் சேர்க்கும், மருந்துக் கடையிலோ 'காலாவதி ஆகப்போகிற சரக்கோ' என்ற சந்தேகத்தைக் கிளப்பும். நோய் தீரும் என்று பொருள்படும் சொற்களும், மருத்துவமனை என்று நினைக்க வைக்கும் சொற்களும் விதிகளோடு மோதக்கூடும். ஏதாவது மருந்தின் வணிகப் பெயரை ஒத்த பெயர் வைத்தால் வர்த்தக முத்திரைச் சிக்கல் தனி.

தலைப்பெழுத்துப் பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தார் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து 'பி.டி.ஜி. மெடிக்கல்ஸ்' என்று வைப்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் இனிக்கும். பி, டி, ஜி, சி, வி எல்லாம் போனில் ஒரே ஒலி. 'எந்தக் கடையில் மருந்து வாங்கினீர்கள்?' என்று மருத்துவமனையிலிருந்து கேட்டால் தெளிவாகச் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவில் 'பி.டி.சி.' இருந்துவிட்டால், மாற்ற வேண்டிய மருந்தும் வீட்டுக்கு அனுப்பச் சொன்ன ஆர்டரும் மாறி மாறிப் போகும். கேர், லைஃப், ஹெல்த், பிளஸ் என்ற சொற்களிலும் இதே குழப்பம்தான். அவை எல்லாக் கடைகளிலும் இருப்பதால் எந்தக் கடையையும் அடையாளம் காட்டுவதில்லை. பெயரை முடிவு செய்யுமுன் போனில் உள்ள வரைபடத்தில் தேடி, சுற்றுவட்டாரத்தில் அதே ஒலியில் வேறு கடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெயரைச் சோதிக்க ஓர் ஏ4 தாளும் ஒரு சுவரும் போதும். தாளை அகலவாக்கில் வைத்தால் 30 செ.மீ., அது 6 மீட்டர் பலகையின் இருபதில் ஒரு பங்கு. அதில் பெயரை அச்சிடுங்கள்: 'மலர் மருந்தகம்' என்றால் எழுத்து 2 செ.மீ. உயரம், அந்த நீண்ட பெயர் என்றால் ஆறரை மில்லிமீட்டர்தான் வரும். கண் மட்டத்தில் சுவரில் ஒட்டிவிட்டு, சுவரோரமாக 2 மீட்டர் தள்ளி, சுவரிலிருந்து 40 செ.மீ. மட்டும் விலகி ஒருவரை நிறுத்துங்கள். அதே சாய்வில் 40 மீட்டரிலிருந்து பார்ப்பதற்கு இது சமம். அவருக்குப் பெயர் முன்பே தெரிந்திருக்கக் கூடாது. மூன்று நொடி பார்க்கவிட்டு, என்ன படித்தார் என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேரிடம் செய்தால் எந்த எழுத்து தடுக்குகிறது என்பது தெரிந்துவிடும். பெயரை மாற்ற மனமில்லை என்றால் அந்த எழுத்துருவையாவது மாற்றுங்கள். பிறகு தெருச் சத்தத்தில் நின்று இன்னொருவருக்குப் போனில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள்.

உள்விளக்குப் பலகை என்றால் இரவில் ஒரு தடவை பார்ப்பது அவசியம். வெள்ளைப் பின்னணி முழுக்க ஒளிரும்போது வெளிச்சம் எழுத்தின் மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும், பகலில் தெளிவாக இருந்த பெயர் இரவில் கரைந்துபோகும். கருமையான பின்னணியில் எழுத்து மட்டும் ஒளிர்ந்தால் இந்தத் தொல்லை குறைவு. மருந்து நிறுவனங்கள் இலவசமாகச் செய்து தரும் பலகைகளில் பாதி இடம் அவர்களுடைய விளம்பரத்துக்குப் போய்விடும், மேலே போட்ட கணக்கெல்லாம் அந்த மீதிப் பாதியில் செய்தாக வேண்டும்.

இந்தச் சோதனைகளையெல்லாம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். உரிமம், பில், முத்திரை, மருந்து போட்டுத் தரும் காகித உறை, வரைபடத்தில் உள்ள பதிவு எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே பெயர் இருக்க வேண்டும். பலகையில் 'மலர் மருந்தகம்', பில்லில் 'மலர் மெடிக்கல்ஸ்' என்றிருந்தால் ஆய்வாளர் மட்டுமல்ல, மருந்துக்குப் பணம் திரும்பப் பெற பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிற வாடிக்கையாளரும் கேள்வி கேட்பார்.