ஒரே ஒரு டி-சோதனைதான் செய்தேன் என்பவர்களுக்கு

அனோவாவில் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால், எல்லாக் குழுக்களின் சராசரியும் ஒன்றே என்ற கருதுகோளைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் எந்தக் குழு எதிலிருந்து வேறுபடுகிறது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தேடும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து உரங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 செடிகள். சராசரி உயரம் சென்டிமீட்டரில்: அ 42, ஆ 43, இ 44.5, ஈ 47, உ 48.5. குழுக்களுக்குள் இருக்கும் மாறுபாடு, அதாவது அனோவா அட்டவணையின் பிழை வரிசையில் வரும் சராசரி வர்க்கம், 16. F = 3.69, பி-மதிப்பு சுமார் 0.013. சரி, ஏதோ வேறுபாடு இருக்கிறது.

ஐந்து குழுக்களுக்கு 10 ஜோடிகள். பத்துக்கும் தனித்தனியாக 0.05 அளவில் டி-சோதனை போட்டால் என்ன ஆகும்? உண்மையில் ஐந்து உரங்களும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனை நம்மை ஏமாற்ற 5 சதவீத வாய்ப்புதான். பத்தில் ஒன்றாவது ஏமாற்றும் வாய்ப்பு `1 - 0.95^10`, அதாவது 40 சதவீதம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இது கொஞ்சம் மிகை. ஒரே குழு நான்கு ஜோடிகளில் வருவதால் இந்தச் சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. சரியான அளவு 28 சதவீதத்தை ஒட்டி வரும். அதுவும் நாம் ஏற்றுக்கொண்ட 5 சதவீதத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

"நான் பத்தும் செய்யவில்லையே, அ-வையும் உ-வையும் மட்டும்தான் ஒப்பிட்டேன்" என்று ஒருவர் சொல்லலாம். எனக்குத் தெரிந்து அதிகம் கண்ணில் படாமல் தப்பும் தவறு இதுதான். சராசரிகளைப் பார்த்த பிறகு மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பொறுக்கி எடுத்தால், மற்ற ஒன்பது சோதனைகளைக் கண்ணே செய்து முடித்துவிட்டது என்று பொருள். பத்தில் ஒன்றாவது தேறுமானால் அந்த ஜோடி நிச்சயம் தேறும். ஆகவே அந்த ஒற்றைச் சோதனைக்கும் அதே 28 சதவீதம்தான்.

டூக்கி முறை இந்தப் பொறுக்கலையே கணக்கில் கொள்கிறது. குழுக்கள் எல்லாம் ஒன்றாக இருந்தாலும், பெரியதற்கும் சிறியதற்கும் இடையே தற்செயலாக எவ்வளவு இடைவெளி விழும் என்று பார்த்து, அதைத் தாண்டினால்தான் ஒப்புக்கொள்கிறது. நம் கணக்கில் சரிசெய்யாத டி-சோதனைக்கு 4.06 செ.மீ. வித்தியாசம் போதும், டூக்கிக்கு 5.75 வேண்டும். முதல் அளவுகோலில் அ–ஈ (5), ஆ–உ (5.5), அ–உ (6.5) என மூன்று ஜோடிகள் தேறுகின்றன. டூக்கியில் அ–உ மட்டுமே மிஞ்சுகிறது.

```r
TukeyHSD(aov(height ~ fert, data = d))
```

இங்கே `fert` காரணியாக இருக்க வேண்டும். உரங்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்து அப்படியே விட்டால், மென்பொருள் அதை அளவாக எடுத்துக்கொள்ளும். அனோவா அட்டவணையில் `Df` 4-க்குப் பதில் 1 என்று வந்தால் இதுதான் காரணம்.

"அனோவாவே தேறிவிட்டதே, அப்புறம் ஏன் திருத்தம்?" என்ற கேள்வியும் வரும். மூன்று குழுக்கள் என்றால் இந்த வாதம் நிற்கும். அதற்கு மேல் நிற்காது. நான்கு உரங்கள் ஒரே மாதிரி, ஐந்தாவது மட்டும் வெகுதூரம் விலகியிருக்கிறது என்று வையுங்கள். அந்த ஒன்றின் தயவில் அனோவா எப்போதும் தேறும். கதவு திறந்ததும், ஒரே மாதிரியான நான்குக்குள் இருக்கும் 6 ஜோடிகளும் எந்தக் காவலும் இல்லாமல் உள்ளே வரும். அவற்றில் ஒன்றாவது பொய்யாகத் தேற சுமார் 20 சதவீத வாய்ப்பு. எஸ்பிஎஸ்எஸ்ஸின் போஸ்ட் ஹாக் பெட்டியில் முதலில் கண்ணில் படும் `LSD` செய்வது இதைத்தான்.

எப்போதும் டூக்கிதான் என்றும் இல்லை. அ என்பது உரமே போடாத குழு, மற்ற நான்கையும் அதோடு மட்டும் ஒப்பிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தால் டன்னெட் முறை பொருந்தும். நான்கே ஒப்பீடுகள் என்பதால் கெடுபிடியும் குறைவு. குழுக்களின் மாறுபாடு ஒன்றுக்கொன்று மிகவும் வேறாக இருந்தால் கேம்ஸ்-ஹவல்.

டூக்கியில் அ–ஈ தேறவில்லை என்பதால் "இரண்டும் சமம்" என்று எழுதிவிடவும் கூடாது. அந்த ஜோடியின் வித்தியாசத்துக்கு டூக்கி தரும் நம்பிக்கை இடைவெளி −0.75 முதல் 10.75 செ.மீ. வரை. வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம், பத்து சென்டிமீட்டரும் இருக்கலாம். குழுவுக்கு 8 செடிகளை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.